அவர், அது, இதனால், இந்த நிலை: பத்திக்குள் எது எதைச் சுட்டுகிறது?

"ஒரு பத்தியில் அவர், அது, இதனால், இந்த நிலை என்றெல்லாம் வரும்போது எதைச் சொல்கிறார்கள் என்று தடுமாறுகிறேன். பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டால் பல இடங்களில் தப்பாகிவிடுகிறது. இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை ஊகம்தானா?"

விதியும் உண்டு, ஊகமும் உண்டு. விதி எதுவரை கைகொடுக்கும், ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபட்டுவிட்டால் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிடும். ஆறு வாக்கியங்கள் உள்ள ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு சுட்டுச்சொல்லையும் பிரித்துப் பார்ப்போம்.

"நூலகக் குழுத் தலைவர் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய ஏடுகள் இருக்கும் அறையில் ஈரம் இறங்குவதாக அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். செயலாளர் அதைப் படித்துவிட்டு அறையைப் பூட்டச் சொன்னார். இது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் அறையைத் திறந்து பார்த்தபோது அது இன்னும் மோசமாகியிருந்தது. இந்த நிலை தொடர்ந்தால் அவற்றைக் காப்பாற்ற முடியாது என்று தன் அறிக்கையில் எழுதினார்."

முதலில் இரண்டாம் வாக்கியத்தில் வரும் 'அதில்'. பக்கத்துச் சொல்லைத்தான் எடுக்க வேண்டும் என்றால் 'ஈரம்' அல்லது 'அறை' கிடைக்கும். இரண்டுமே அஃறிணை ஒருமை. இலக்கணப்படி இரண்டையும் தள்ள முடியாது. ஆனால் வாக்கியத்தின் பயனிலை 'குறிப்பிட்டிருந்தார்'. ஒன்றில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டுமானால் அது எழுத்து தாங்கும் பொருளாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முந்தைய வாக்கியத்தின் கடிதம் மட்டுமே மிஞ்சுகிறது. நீங்கள் சொல்லும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சுட்டுச்சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் வரும் வினை எதை ஏற்கும் என்று பார்ப்பதில்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியம் முடியும்வரை முடிவு செய்யாமல் காத்திருப்பது நல்ல பழக்கம்.

ஆகவே வேலையின் வரிசை இப்படி அமையும். சுட்டுச்சொல்லின் வடிவத்தைப் பார்த்துத் திணையையும் எண்ணையும் முதலில் உறுதி செய்யுங்கள். அதற்குப் பொருந்தக்கூடிய எல்லாப் பெயர்களையும் மேலே தேடி எடுங்கள். ஒன்று கிடைத்ததும் நின்றுவிட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் சுட்டுச்சொல் இருந்த இடத்தில் வைத்து, வாக்கியத்தை வினைமுற்றுவரை வாய்விட்டுப் படியுங்கள். "ஈரத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார்" என்று படித்த உடனேயே காது அதைத் தள்ளிவிடும்.

இந்த வரிசையில் முதல் படிதான் உறுதியானது. பத்தியின் கடைசி வாக்கியத்தில் 'அவற்றை' என்று இருக்கிறது. அது அஃறிணைப் பன்மை. அறை, ஈரம், கடிதம், நிலை எல்லாம் ஒருமை. பத்தி முழுவதிலும் அஃறிணைப் பன்மையாக வந்த ஒரே சொல் 'ஏடுகள்'. அது நான்கு வாக்கியங்களுக்கு முன்னால் ஒரே ஒருமுறை, அதுவும் அறையைப் பற்றிச் சொல்லும்போது போகிறபோக்கில் வந்த சொல். இருந்தும் 'அவற்றை' நேராக அங்கே போய் நிற்கிறது. தூரம் ஒரு பொருட்டே இல்லை, எண் தீர்த்துவைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பேச்சிலும் பேச்சை ஒட்டிய எழுத்திலும் பல பொருள்களையும் 'அது' என்றே சொல்லிவிடுகிறோம்; "புத்தகமெல்லாம் நனைந்துவிட்டது, அதை வெயிலில் வை" என்பது எவருக்கும் இயல்பாகவே ஒலிக்கும். எனவே 'அவை', 'அவற்றை' என்று வந்தால் பன்மை என்று நம்பலாம். 'அது' என்று வந்தால் ஒருமைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

உயர்திணைக்கு வந்தால் வினைமுற்றின் விகுதி நமக்கு இன்னொரு கைப்பிடி. 'வந்தான்', 'வந்தாள்' என்று இருந்தால் எழுவாயே இல்லாவிட்டாலும் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். 'வந்தார்' என்றால் அந்தக் கைப்பிடி போய்விடுகிறது. மரியாதைப் பன்மை பாலை மறைத்துவிடுகிறது. தலைவரும் செயலாளரும் இருக்கும் பத்தியில் 'அவர்' இருவருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அலுவல் எழுத்தில் குழப்பம் அதிகமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். அங்கே எல்லோருமே 'அவர்'.

இரண்டாம் வாக்கியத்தின் 'அவர்' தலைவர்தான் என்பதில் சந்தேகமில்லை. கடிதம் எழுதியவர்தான் கடிதத்தில் குறிப்பிட முடியும். மூன்றாம் வாக்கியத்தில் பெயரே வந்துவிட்டது. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. 'படித்துவிட்டு' என்பது வினையெச்சம். அதைச் செய்தவரும் முற்றுவினையைச் செய்தவரும் ஒருவரே. ஆகவே படித்தவரும் சொன்னவரும் செயலாளர். ஆனால் 'பூட்ட' என்ற எச்சம் அப்படியல்ல. பூட்டியவர் யார் என்று வாக்கியம் சொல்லவே இல்லை; செயலாளர் சொன்னார், வேறு யாரோ பூட்டியிருப்பார். 'செய்து' என்னும் வடிவமும் 'செய' என்னும் வடிவமும் ஆளைக் காட்டுவதில் இப்படி வேறுபடுகின்றன. 'செய்து' வடிவத்துக்கும் விலக்கு உண்டு: "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்கும்போது இப்படி எழுவாய் மாறலாம். மனிதர்கள் விருப்பத்துடன் செய்யும் செயல்களில் இந்த விலக்கு அநேகமாக வராது.

இப்போது நான்காம் வாக்கியம். "இது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை." எது? இங்கேதான் பெயர்ச்சொல்லைத் தேடும் வழி முழுவதும் கைவிட்டுவிடுகிறது. கடிதமா, அறையா, ஈரமா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் எதுவும் ஒட்டாது. 'இது' சுட்டுவது ஒரு பொருளை அல்ல, நடந்த ஒரு செயலை: அறையைப் பூட்டியதை. மேலே 'பூட்டல்' என்ற பெயர் எங்கும் இல்லை; வினையாகத்தான் இருக்கிறது. ஆகவே 'இது', 'இதனால்', 'இதற்காக', 'இதையடுத்து' என்று வந்தால் முதல் கேள்வி, சுட்டப்படுவது பொருளா நிகழ்ச்சியா என்பது. நிகழ்ச்சி என்று தோன்றினால் முந்தைய வினைமுற்றை 'அது' சேர்த்துப் பெயராக்கிப் பாருங்கள்: சொன்னார் என்பதைச் 'சொன்னது', பூட்டினார்கள் என்பதைப் 'பூட்டியது'. "அறையைப் பூட்டச் சொன்னது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை." வாக்கியம் கோணாமல் நின்றால் அதுவே விடை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதற்கு அடுத்தடுத்து மூன்று நூற்பாக்கள் இருக்கின்றன. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வரும்போது சுட்டுப்பெயர் முன்னால் வராது, இயற்பெயருக்குப் பின்னால்தான் வரும் என்கிறது ஒன்று. செய்யுளில் முன்னால் வரலாம் என்று விலக்குத் தருகிறது அடுத்தது. மூன்றாவதுதான் நமக்கு இங்கே வேண்டியது: 'சுட்டு முதலாகிய காரணக் கிளவி', அதாவது 'அதனால்' போன்ற சொல்லும் சுட்டுப்பெயரைப் போலவே பின்னால்தான் வரும். அதற்கு உரையில் காட்டும் எடுத்துக்காட்டு, "சாத்தன் கையெழுதுமாறு வல்லன்; அதனால் தந்தை உவக்கும்." இந்த 'அதனால்' சாத்தனையும் சுட்டவில்லை, கையையும் சுட்டவில்லை, அவன் வல்லவனாக இருக்கும் செய்தி முழுவதையும் சுட்டுகிறது. ஒரு பெயரைச் சுட்டுவதையும் ஒரு முழுச் செய்தியைச் சுட்டுவதையும் தனித்தனி நூற்பாவில் வைத்துவிட்டு, நடத்தையில் இரண்டும் ஒன்று என்று சொல்லியிருப்பது மிகக் கூர்மையான பார்வை.

நிகழ்ச்சியைச் சுட்டும்போது எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்று கேட்டால், பொருளைச் சுட்டும்போது போகிற அளவுக்கு முடியாது. 'அவற்றை' நான்கு வாக்கியம் தாண்டி ஏடுகளைப் பிடித்தது. ஆனால் நான்காம் வாக்கியத்தின் 'இது', தலைவர் கடிதம் எழுதியதைப் பிடிக்காது. 'இது' அடைவது பேச்சு இப்போது நிற்கும் இடத்தை: கடைசியாகச் சொன்ன செய்தி, அல்லது அந்தச் செய்தியையும் உள்ளடக்கிய பெரிய தொகுதி. நடுவில் முடிந்துபோன ஒரு செய்திக்குத் தனியே திரும்பிப்போக அதனால் முடிவதில்லை. ஐந்தாம் வாக்கியத்தை மாற்றி, "இதனால் அவர் முடிவை மாற்றிக்கொண்டார்" என்று எழுதினால் 'இதனால்' வாசகர்களின் அதிருப்தியைத்தான் சுட்டும், ஈரம் இறங்கியதை அல்ல. அதிருப்தியைத் தாண்டி ஈரத்தைத்தான் சுட்ட வேண்டும் என்றால் 'ஈரம் இறங்கியதால்' என்று திரும்பச் சொல்லியாக வேண்டும். இதில் இன்னொன்றையும் பாருங்கள். 'முடிவை' என்ற ஒரே சொல் 'அவர்' யார் என்பதையும் சேர்த்தே தீர்த்துவிட்டது. முடிவெடுத்தவர்தான் அதை மாற்றிக்கொள்ள முடியும். பத்தியில் முடிவெடுத்தவர் செயலாளர். ஒரு சுட்டை அவிழ்த்தால் மற்றது தானாக அவிழும். அதனால்தான் சிக்கலான பத்தியில் மேலிருந்து வரிசையாகத் தீர்க்காமல், எளிதானதை முதலில் தீர்த்துவிட்டுக் கடினமானதற்கு வருவது நல்லது.

'இந்த நிலை' போன்ற தொடர்களுக்கும் இதே முறைதான், கொஞ்சம் கூடுதல் வசதியோடு. 'இது' என்பதில் வடிவத்தைத் தவிர வேறு துப்பு கிடையாது. 'இந்த நிலை', 'இந்தக் கோரிக்கை', 'இந்தக் குற்றச்சாட்டு' என்றால் பின்னால் வரும் பெயரே எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கோரிக்கை என்றால் மேலே யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும். குற்றச்சாட்டு என்றால் யாரோ ஒருவர்மீது பழி சொல்லியிருக்க வேண்டும். நிலை என்றால் நடந்து முடிந்த செயல் அல்ல, நீடிக்கும் ஒன்று. 'கோரிக்கை' என்ற சொல்லை மேலே தேடாதீர்கள், இருக்காது. கோருவதற்கு ஒத்த வினையைத் தேடுங்கள். நம் பத்தியின் ஆறாம் வாக்கியத்தில் 'இந்த நிலை' பூட்டியதையோ வாசகர் அதிருப்தியையோ சுட்ட முடியாது. அது மோசமாகிக்கொண்டே போகும் ஈரத்தின் நிலை. 'தொடர்ந்தால் காப்பாற்ற முடியாது' என்ற பயனிலையும் அதையே உறுதி செய்கிறது. இந்தப் பெயர்களில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: சில பெயர்கள் எழுதியவரின் தீர்ப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். 'இந்த அலட்சியம்' என்று எழுதினால், மேலே 'அலட்சியம் காட்டினார்' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்; நடந்ததை அலட்சியம் என்று பெயரிடுவது எழுதியவர். சுட்டப்படுவது எது என்பதையும் அதற்கு அவர் ஒட்டிய பெயரையும் பிரித்துப் பார்க்காவிட்டால், சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொள்வோம்.

'தன்' என்பதற்கு வருவோம். சுட்டுப்பெயர்களைவிட 'தான்' ஒழுங்கானது. அது எழுவாயைப் பிடிக்கும். "தலைவர் செயலாளரிடம் தன் சாவியைக் கொடுத்தார்" என்றால் சாவி தலைவருடையது. "அவருடைய சாவியைக் கொடுத்தார்" என்றால் செயலாளருடையதாக இருக்கலாம், மூன்றாம் ஆளுடையதாகவும் இருக்கலாம். தலைவருடையது என்று படிப்பவர் குறைவு. "தான் எழுதிய கடிதத்தைக் கண்ணன் கிழித்தான்" என்பதையும் "அவன் எழுதிய கடிதத்தைக் கண்ணன் கிழித்தான்" என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். எழுவாய் இரண்டு இருந்தால்தான் சிக்கல். "செயலாளர் தன்னைக் குறை கூறியதாகத் தலைவர் நினைத்தார்" என்பதில் உள்வாக்கியத்துக்கு ஒரு எழுவாய், வெளிவாக்கியத்துக்கு ஒரு எழுவாய். இங்கே 'தன்னை' வெளியே உள்ள தலைவரைச் சுட்டுவதாகத்தான் இயல்பாகப் படிப்போம். செயலாளர் தம்மையே குறைசொன்னார் என்று வர வேண்டுமானால் 'தன்னைத்தானே', 'குறை கூறிக்கொண்டதாக' என்று ஏதாவது ஒரு குறி சேர்ப்பது வழக்கம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: 'தன்' எழுவாயைப் பிடிக்கிறது, அந்த எழுவாய் யார் என்று அது சொல்வதில்லை. நம் பத்தியின் கடைசி வாக்கியத்தில் 'எழுதினார்' என்பதற்கு எழுவாயே எழுதப்படவில்லை. அதனால் 'தன் அறிக்கை' யாருடைய அறிக்கை என்பது ஐந்தாம் வாக்கியத்தின் 'அவர்' யார் என்பதைப் பொறுத்து நிற்கிறது.

அந்த 'அவர்' யார்? இங்கே ஊகம்தான். முந்தைய செயலின் எழுவாய் செயலாளர். பேச்சு அவரைப் பற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பத்தியில் எழுவாயாக நின்றவரையே அடுத்த 'அவர்' தொடரும் என்பது வலுவான போக்கு. பூட்டச் சொன்னவர் திறந்து பார்ப்பதும் இயல்பு. ஆகவே செயலாளர் என்றே நான் படிப்பேன். ஆனால் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதியவர் தலைவர். ஒரு வாரம் கழித்து நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதியவரும் அவராகவே இருக்கலாம். நடுவில் வாசகர்களைப் பற்றிய வாக்கியம் புகுந்து, 'ஒரு வாரம் கழித்து' என்று காலமும் மாறியதால் எழுவாய்த் தொடர்ச்சி தளர்ந்துவிட்டது. இதை எந்த இலக்கண விதியாலும் தீர்க்க முடியாது. எழுதியவரிடம் கேட்க வேண்டும், அல்லது மற்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் என்றால் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டிய இடம் இது.

அதே வாக்கியத்தின் 'அது' வேறு வகை. மோசமானது அறையா ஈரமா? இரண்டும் பொருந்துகிறது. 'இன்னும்' என்ற சொல் ஏற்கெனவே மோசமாக இருந்த ஒன்றைக் கேட்பதால் ஈரத்தின் பக்கம் கொஞ்சம் சாயலாம். ஆனால் எதை எடுத்தாலும் வாசகருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான். அதனால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. இரு பொருள் இருப்பதாலேயே ஓர் இடம் பிழையாகிவிடாது. இரண்டு வாசிப்பும் வெவ்வேறு விளைவைத் தந்தால் மட்டுமே அது பிழை. 'அவர்' விஷயத்தில் அறிக்கைக்கு யார் பொறுப்பு என்பதே மாறிவிடுகிறது. 'அது' விஷயத்தில் எதுவும் மாறவில்லை.

இலக்கணம் எங்கே கைவிரிக்கிறது என்பதைக் காட்ட கணினி அறிவியலாளர் டெர்ரி வினோகிராட் 1972-இல் ஒரு இணை வாக்கியத்தைத் தந்தார். கணினி மொழியியலில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நகர மன்ற உறுப்பினர்கள் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள்." கடைசி வினையை 'வன்முறையை ஆதரித்தார்கள்' என்று மாற்றுங்கள். முதலில் உறுப்பினர்களாக இருந்த 'அவர்கள்' இப்போது போராட்டக்காரர்களாகிவிடுகிறார்கள். திணை மாறவில்லை, எண் மாறவில்லை, விகுதி மாறவில்லை, தூரம் மாறவில்லை. அனுமதி ஏன் மறுக்கப்படும் என்ற உலக அறிவு மட்டுமே தீர்மானிக்கிறது. அந்த அறிவு வாசகரிடம் இல்லாத துறையில், சட்டத்திலோ மருத்துவத்திலோ, இப்படி எழுதினால் அவர் தவறாகப் படிப்பது அவர் குற்றமல்ல.

'இது', 'அது' இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் போக்கு என்ற அளவில்தான் சொல்ல முடியும். இப்போதுதான் சொல்லி முடித்த செய்தியைச் சுட்ட 'இது'வும், ஏற்கெனவே அறிமுகமான பொருளைத் தொடர 'அது'வும் அதிகம் வருகின்றன. புதிதாக அறிமுகம் செய்த ஆளை உடனே 'இவர்' என்று தொடர்வது செய்தி எழுத்தில் வழக்கம். ஆகவே இருவர் இருக்கும் இடத்தில் 'இவர்' என்றால் கடைசியாக வந்தவரை முதலில் சோதித்துப் பாருங்கள். "விஷயம் இதுதான்:" என்பதுபோல இனி வரப்போவதை முன்கூட்டிச் சுட்டுவது 'இது' மட்டுமே செய்யும் வேலை; மேலே தேடி எதுவும் கிடைக்காவிட்டால் கீழேயும் ஒருமுறை பாருங்கள். இவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் பழக்கம் மாறும், ஒரே ஆள்கூட இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவார்.

ஆவணங்களில் வரும் 'மேற்படி', 'மேற்கண்ட' இரண்டும் உறுதியானவைபோல ஒலித்தாலும் அப்படியல்ல. "மேற்கண்ட காரணங்களால்" என்றால் பன்மை என்பது மட்டும் நிச்சயம். மேலே உள்ள எல்லாக் காரணங்களுமா, கடைசிப் பத்தியில் உள்ளவை மட்டுமா என்பதைச் சொல் சொல்லாது. அங்கே பத்தி எண் இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

நீங்களே எழுதும் இடமாக இருந்தால், நம் பத்தியைச் சரிசெய்ய இரண்டே மாற்றம் போதும். ஐந்தாம் வாக்கியத்தில் 'அவர்' என்பதைச் 'செயலாளர்' என்றோ 'தலைவர்' என்றோ ஆக்குங்கள். 'தன் அறிக்கை' உடனே தெளிந்துவிடும். நான்காம் வாக்கியத்தின் 'இது' என்பதை 'அறையைப் பூட்டியது' என்று ஆக்குங்கள். 'அதில்', 'அதை', 'அவற்றை' மூன்றையும் தொட வேண்டாம். அவை குழப்பமில்லாமல்தான் இருக்கின்றன. அங்கேயும் கடிதம், ஏடுகள் என்று திரும்பத் திரும்பப் பெயரைப் போட்டால், புதிதாக இன்னொரு கடிதம் வந்ததோ என்று படிப்பவர் நினைக்கத் தொடங்குவார்.